தாத்தாவோட கணக்கு நோட்டுல இருக்கற வார்த்தைய அகராதில எப்படித்தான் தேடறது?

வாழப்பாடி மணி

எல்லாருக்கும் வணக்கங்க. எங்க தாத்தா ஏற்காடு அடிவாரத்துல கொஞ்சம் காடு வச்சிருந்தாரு, காப்பி சீசன்ல மேல எஸ்டேட்டுக்கும் வேலைக்குப் போவாரு. அவரு எழுதுன கணக்கு நோட்டு ஒண்ணு பரண்ல கெடச்சுது, 1961லேர்ந்து 64 வரைக்கும் இருக்கு. கையெழுத்து நல்லாதான் இருக்கு, எழுத்துக்கூட்டிப் படிச்சிட்டேன், ஆனா என்ன சொல்றாருன்னு பாதி புரியல. அவரு பேசறபடியே எழுதியிருக்காரு போல. ஒரு தை மாசப் பக்கம் அப்படியே போடறேன்:

கூர மேஞ்ச கூலி 12. பத்து 5. மிச்சம் 7.
சோகை 2 வண்டி 9.
வெள்ளாம இல்ல. சோளம் வாங்கினது 8.
தொர குடுத்தது 15.

நெட்ல இருக்கற அகராதில "மேஞ்ச"ன்னு போட்டா ஒண்ணுமே வரல. "மேய்"னு போட்டா மாடு புல்லு திங்கறதுன்னு வருது, கூரைய மாடு மேஞ்சதுக்கு யாராவது கூலி குடுப்பாங்களா. சோகைக்கு ரத்தம் கொறஞ்ச வியாதின்னு வருது, அத ரெண்டு வண்டி வாங்கியிருக்காரு. வெள்ளாமைக்கு வேளாண்மைதான்னு ஒருத்தர் சொன்னாரு, அத தேடுனா கொடை, உபகாரம்னு வருது. எது எழுத்துத் தமிழு எது பேச்சுத் தமிழுன்னு எப்படிப் பிரிக்கறது, தேடறதுக்கு ஏதாவது வழி இருக்கா?

செவ்வாப்பேட்ட சரவணன்

ப்ரோ ரொம்ப சிம்பிள். நாம பேசறப்போ இ-ய எ ஆக்கிடுவோம், உ-வ ஒ ஆக்கிடுவோம். இலைய எலன்னு சொல்றோம், உடம்ப ஒடம்புன்னு சொல்றோம், கிணறு கெணறு ஆயிடுச்சு. அதனால அகராதில தேடறதுக்கு முன்னாடி எ வந்தா இ போடு, ஒ வந்தா உ போடு. அப்புறம் ஞ்ச வந்தா ந்த போடு, த்த வந்தா ற்ற போடு. அவ்ளோதான் மேட்டர். தொர = துரை, எஸ்டேட் தொரை குடுத்த காசு. முடிஞ்சுது.

மெய்யனூர் மலர்

இந்தப் பிரச்சன எங்க வீட்லயும் இருக்குங்க. எம்பையன் ஆறாவது படிக்கிறான், கட்டுரையில "மழை பேஞ்சுது"ன்னு எழுதிட்டான், டீச்சர் சிவப்பு இங்க்ல சுழிச்சு அரை மார்க் கொறச்சுட்டாங்க. வீட்ல பேசறததான எழுதுவான் கொழந்த? பேச்சுத் தமிழுக்கு மார்க் குடுக்கணும்னு யாராவது மனு போட்டா நானும் கையெழுத்துப் போடறேன்.

பழைய மெய்ப்புத்திருத்தி

மலர் அம்மா, அது வேற சண்டைங்க, ஆனா பையன் எழுதுன "பேஞ்சுது" இங்க நல்லா ஒதவுது, கீழ வரேன்.

முப்பது வருசமா அச்சகத்துல மெய்ப்புப் பாத்தவன் நான், கையெழுத்துப் பிரதில பேச்சு வழக்கு வந்தா அது என்ன வார்த்தைன்னு கண்டுபிடிக்கறதே பாதி வேல. சரவணன் தம்பி சொன்னதுல விஷயம் இருக்கு, ஆனா கண்ண மூடிக்கிட்டு மாத்துனா மாட்டிக்குவீங்க. இ எ ஆகறதும் உ ஒ ஆகறதும் எல்லா எடத்துலயும் நடக்காது, அடுத்த எழுத்து அ இல்லன்னா ஐ ஓசைல இருந்தாதான் நடக்கும். இலை, விலை, நிலம், உலகம், குடை, துவை இதெல்லாம் பாருங்க, அடுத்து அ-வோ ஐ-யோ இருக்கு, அதனால எல, வெல, நெலம், ஒலகம், கொட, தொவ. "செடி"ங்கறதுல அடுத்தது இகரம், அதனால அது எழுத்துலயும் செடிதான், சிடின்னு தேடுனா ஒண்ணும் கெடைக்காது. மணி தம்பியோட நோட்டுலயே தலகீழா ஒண்ணு இருக்கு: "குடுத்தது". எழுத்துல அது கொடு. அங்க பேச்சுலதான் உ, எழுத்துல ஒ. சரவணன் சொன்ன கணக்குல அத யாரும் புடிக்க முடியாது.

இன்னொண்ணு, பேச்சுக்குப் போற வழி ஒத்தையடிப் பாதை, திரும்பி வரும்போது அது நாலா பிரியும். குடைய கொடன்னுதான் சொல்வோம், ஆனா "கொட"ன்னு கேட்டா அது குடையாவும் இருக்கலாம், கோயில்ல குடுக்கற கொடையாவும் இருக்கலாம். தொடைய தொடச்சான்னு சொல்றப்போ முதல் வார்த்த எழுத்துலயும் தொடை, ரெண்டாவது துடை. அதனால ஒரே ஒரு எழுத்து வடிவத்த யூகிச்சு நிக்காதீங்க, வரக்கூடிய எல்லாத்தையும் எழுதி வச்சுக்கிட்டு எல்லாத்தையும் தேடுங்க, அப்புறம் வரியில போட்டுப் பாருங்க.

இப்போ "மேஞ்ச". அகராதில வினையோட வேர்தான் தலைச்சொல்லா இருக்கும், மேஞ்ச மேயறான் மேஞ்சுட்டான் எதுவும் இருக்காது. சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேரகராதின்னா வேரோட தல் ஒட்டி மேய்-தல்னு இருக்கும். ஞ்ச வந்தா எழுத்துல பெரும்பாலும் ய்ந்த, இல்லன்னா ஐந்த. காஞ்ச காய்ந்த, பையன் எழுதுன பேஞ்சுது பெய்தது, நனஞ்ச நனைந்த, ஒடஞ்ச உடைந்த. பெய்தல பாருங்க, எழுத்துல அங்க ந்த-வே இல்ல, பேச்சுல மட்டும் காஞ்ச மேஞ்ச மாதிரியே ஆயிடுச்சு, அதனால இந்த வழியும் வேர் வரைக்குந்தான் கூட்டிட்டுப் போகும், முழு வடிவத்த நம்பக்கூடாது. ச்ச வந்தா அதே வேரோட செயப்படுபொருள் எடுக்கற ஜோடியா இருக்கலாம், ஒடச்ச உடைத்த. ஆனா மஞ்ச, கொஞ்சம், பஞ்சு இதெல்லாம் வினையே இல்ல, அங்க ந்த போட்டா பாழாப் போயிடும்.

ஆக வேர் மேய். நீங்க சரியாத்தான் தேடியிருக்கீங்க, ஆனா முதல் பதிவோட நின்னுட்டீங்க. அதே பேரகராதில மேய்தல் இன்னொரு தடவ வரும், கூரை போடற அர்த்தத்துல. தலைச்சொல் பக்கத்துல சின்னதா 1, 2ன்னு நம்பர் இருந்தா அதெல்லாம் வேற வேற வார்த்தைங்கன்னு அர்த்தம், கட்டாயம் கீழ வரைக்கும் உருட்டிப் பாருங்க.

வாழப்பாடி மணி

அடேங்கப்பா. ஆமாங்க ரெண்டாவது இருக்கு, இப்பதான் பாத்தேன். அப்போ கூர மேஞ்ச கூலின்னா கூரை போட்ட கூலி. ஆனா ஸ்கூல்ல கூரை வேய்தல்னு படிச்சதா ஞாபகம், மேய்தல் பேச்சு வழக்கா எழுத்து வழக்கா?

பழைய மெய்ப்புத்திருத்தி

இன்னிக்கு எழுதறவங்க வேய்தல்னு எழுதுவாங்க, நம்ம பக்கம் பேசறவங்க மேயறதுன்னுவாங்க. வ-வும் ம-வும் ஒதட்டுல பொறக்கற எழுத்து, மாறிக்கும். ஆனா அகராதில இருக்குங்கறதால எழுத்து வழக்குன்னும் சொல்ல முடியாது, இல்லைங்கறதால பேச்சுன்னும் சொல்ல முடியாது. பேரகராதி 1924லேர்ந்து 1936 வரைக்கும் ஆறு தொகுதியா வந்துது, அதுக்காரங்க பேச்சுச் சொல்லையும் ஊர்ச் சொல்லையும் சேத்தே எடுத்தாங்க. பக்கத்துல `Colloq.` இல்ல `Loc.`னு போட்டிருக்கான்னு பாக்கணும், முதலாவது பேச்சுன்னு அர்த்தம், ரெண்டாவது ஏதோ ஒரு பகுதில மட்டும் வழங்கறதுன்னு. அர்த்தத்த மட்டும் படிச்சுட்டு இந்தக் குறிய தாண்டிப் போறவங்கதான் அதிகம்.

இந்தக் காலத்து வார்த்தைக்கு க்ரியா அகராதிதான் நல்லது, 1992ல முதல் பதிப்பு, அப்புறம் 2008, 2020. அதுல பே.வ.ன்னா பேச்சு வழக்கு, வ.வ.ன்னா வட்டார வழக்கு, உ.வ.ன்னா உயர் வழக்கு. உ.வ. போட்டத எடுத்து நீங்க டீக்கடைல பேசுனா சிரிப்பாங்க, பே.வ. போட்டத எடுத்து விண்ணப்பத்துல எழுதுனா மலர் அம்மா பையனுக்கு ஆன கதிதான்.

செவ்வாப்பேட்ட சரவணன்

சார் நான் சொன்ன ரூல் தப்புன்னு சொல்லல இல்ல 🙂 ஆனா "பத்து"க்கு என் ரூல்தான் வேலை செய்யும். த்த வந்தா ற்ற, பத்து = பற்று. பற்றுன்னா பாசம், பிடிப்பு. தாத்தா யார் மேலயோ 5 ரூபா பாசம் வச்சிருக்காரு, ஹா ஹா.

பழைய மெய்ப்புத்திருத்தி

பாதி கெணறு தாண்டிட்டீங்க தம்பி. ற்ற சரி, காற்று காத்து, நேற்று நேத்து மாதிரி. ஆனா "காத்து"ன்னாலே காற்றும் ஆகும், காத்துக்கிட்டு இருக்கற காத்தும் ஆகும், அதனால பத்துக்கும் மூணு நாலு வாய்ப்பு இருக்கு: எண்ணிக்கை பத்து, பாசம் பற்று, அடிபட்டா போடற பத்து, கணக்குல எழுதற பற்று. எதுன்னு ஒலி சொல்லாது, அந்த வரியே சொல்லுது. கூலி 12, பத்து 5, மிச்சம் 7. பன்னெண்டுல அஞ்சு போனா ஏழு. ஆக மேஞ்ச ஆளு முன்னாடியே 5 ரூபா வாங்கிட்டாரு, இன்னும் 7 தரணும். பற்று வரவுல வர்ற பற்று. மளிகைக் கடைல பத்து வரவுன்னுதான் இப்பவும் சொல்வாங்க. கணக்கு நோட்டுல ஒரு சந்தேகம்னா அகராதிக்கு முன்னாடி கூட்டல் கழித்தல் போட்டுப் பாருங்க.

ஏற்காடு லில்லி

அண்ணே நான் நாகலூர் பக்கம். சோகைக்கு நான் பதில் சொல்லட்டுமா, நீங்க எல்லாம் எழுத்த மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டு இருக்கீங்க, இது எழுத்து மாத்தற கேஸே இல்ல. சோகைன்னா கரும்போட காஞ்ச எலைங்க. கீழ்நாட்டுல கரும்பு வெட்டுனதும் அத கட்டு கட்டா கட்டி கூரைக்குப் போடுவாங்க. மலையில கரும்பு கெடையாது, மேல நாங்க புல்லு வெட்டித்தான் மேயறது, உங்க தாத்தா அடிவாரம்ங்கறதால சோகை வாங்கியிருப்பாரு. முதல் வரி கூரை மேஞ்ச கூலி, ரெண்டாவது வரி மேயறதுக்குப் போட்ட சோகை, ரெண்டும் ஒரே வேலையோட கணக்குதான். வண்டி கணக்குல வாங்குனா அது வியாதியா இருக்க முடியாதுங்களே 😄

இப்போ இது எழுத்துத் தமிழா பேச்சுத் தமிழான்னு கேட்டா எனக்குத் தெரியாது, எங்க பாட்டி சொல்வாங்க, விவசாய ஆபீஸ்ல குடுத்த நோட்டீஸ்லயும் சோகை உரித்தல்னு அச்சடிச்சே பாத்திருக்கேன்.

செவ்வாப்பேட்ட சரவணன்

அக்கா அது தோகைங்க. கரும்புத் தோகை. மயில் தோகை மாதிரி நீளமா இருக்கும். பேசிப் பேசி சோகை ஆக்கிட்டாங்க, கொச்சை.

பழைய மெய்ப்புத்திருத்தி

தோகைன்னு சொல்ற ஊரும் இருக்கு, சோகைன்னு சொல்ற ஊரும் இருக்கு. ஆனா தோகைதான் சோகை ஆச்சுன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன் தம்பி. படித்த படிச்ச ஆகறதுல த ச ஆகறது உண்டு, ஆனா அது முன்னாடி இ, ஐ, ய் இருக்கற எடத்துல, நடுவுல. வார்த்தையோட முதல் எழுத்து தோ, அதுக்கு முன்னாடி ஒண்ணும் இல்ல, அங்க ச வர்றதுக்குக் காரணம் இல்ல. தோட்டத்த யாரும் சோட்டம்னு சொல்றதில்ல. வேற வேற வார்த்தையா இருக்கலாம், ஒண்ணு இன்னொண்ணப் பாத்து மாறியும் இருக்கலாம்.

தேடறவங்களுக்கு இதுல ஒரு கண்ணி இருக்கு. மேஞ்ச மாதிரி ஒண்ணும் வரலைன்னா நமக்கே சந்தேகம் வரும், மேல தேடுவோம். சோகை அப்படி இல்ல, பளிச்சுன்னு ஒரு அர்த்தம் வந்துடும், எழுத்துலயும் அதே எழுத்து, அதோட நின்னுடுவோம். இந்த மாதிரி வார்த்தைக்கு வட்டாரச் சொல்லகராதி பக்கம் போகணும், கொங்கு வட்டாரத்துக்கு பெருமாள்முருகன் தொகுத்தது இருக்கு. இல்லன்னா லில்லி மாதிரி ஊர்க்காரங்களக் கேக்கணும்.

மெய்யனூர் மலர்

வெள்ளாமைய யாரும் சொல்லலையே. எங்க அம்மா ஊரு ஓமலூர் பக்கம், "இந்த வருசம் வெள்ளாம இல்ல"ன்னு தெனம் சொல்லும். அதுக்கு வெவசாயம் பண்ணலன்னு அர்த்தம் இல்லீங்க, பண்ணாங்க, வெளச்சல் வீட்டுக்கு வரல. எங்க அம்மா சொல்றப்போ வெள்ளாமைன்னா நெலத்துல நிக்கற பயிரு, இல்லன்னா வீட்டுக்கு வந்த தானியம். "ஆடு வெள்ளாமைல பூந்துடுச்சு"ன்னு சொல்வாங்க இல்ல, அதுல விவசாயம்னு போட்டுப் படிச்சுப் பாருங்க, ஒட்டுதா?

பழைய மெய்ப்புத்திருத்தி

அருமையா சொன்னீங்கம்மா, அந்த ஆடு வாக்கியம் எந்த அகராதிக்காரருக்கும் ஒதவும்.

மணி தம்பி, முதல்ல கடைசில ஒரு ஐ சேத்து "வெள்ளாமை"ன்னு தேடிப் பாருங்க. பேச்சுல கடைசி ஐ தேஞ்சு அ ஆயிடும், மலை மல, கூரை கூர. வெள்ளாமன்னு போட்டா வராதது வெள்ளாமைன்னு போட்டா வரும். நீங்க நேரா வேளாண்மைக்குத் தாவுனதுலதான் சிக்கல். ரெண்டும் சொந்தக்கார வார்த்தைங்கதான், ஆனா வேளாண்மைக்கு எழுத்துலயே ரெண்டு காலம் இருக்கு. குறள்ல 81வது, "இருந்தோம்பி இல்வாழ்வ தெல்லாம் விருந்தோம்பி வேளாண்மை செய்தற் பொருட்டு"ன்னு வருது, அங்க வேளாண்மைன்னா வந்தவங்களுக்கு உதவறது. நீங்க பாத்த கொடையும் உபகாரமும் அங்கேர்ந்து வருது. இன்னிக்கு வேளாண்மைத் துறைன்னு போர்டுல எழுதறது பயிர்த்தொழில். மலர் அம்மாவோட அம்மா சொல்ற வெள்ளாமை நிக்கற பயிரும் வெளச்சலும். பழைய எழுத்து, இப்போதைய எழுத்து, பேச்சு மூணுலயும் மூணு பொருள், அகராதில எல்லாம் ஒண்ணா வரிசையா நிக்கும். பொதுவா பேரகராதில ஒரு அர்த்தத்துக்குப் பக்கத்துல குறள், புறநானூறுன்னு மேற்கோள் இருந்தா அது பழைய இலக்கியத்துல வர்றதுன்னு எடுத்துக்கலாம், 1960கள்ல எழுதுன கணக்கு நோட்டுக்கு அத கடைசியா பாருங்க.

வாழப்பாடி மணி

இப்போ புரியுதுங்க. அப்போ அந்த வருசம் வெளச்சல் இல்ல, அதான் அடுத்த வார்த்தையே சோளம் வாங்கினது 8ன்னு இருக்கு. தாத்தா சோளம் போடறவரு, அவரே காசு குடுத்து வாங்கியிருக்காரு. இத இவ்ளோ நாளு ரெண்டு தனி விஷயமா படிச்சுக்கிட்டு இருந்தேன்.

கடைசியா தொர. சரவணன் ப்ரோ சொன்ன மாதிரி துரைதானா?

ஏற்காடு லில்லி

எஸ்டேட் மொதலாளிய, மேனேஜர எல்லாரையும் தொரைன்னுதான் கூப்புடுவாங்க, வெள்ளக்காரர் போனதுக்கப்புறமும் அப்படித்தான். காப்பிப் பழம் பறிக்கறது கார்த்திகை, மார்கழி, தைல நடக்கும். தை மாசப் பக்கம்னா பறிப்புக் கூலி வாங்குனதா இருக்கும். எனக்கு சந்தேகமே இல்ல.

பழைய மெய்ப்புத்திருத்தி

லில்லி சொல்றது பொருந்துது, ஆனா ஒண்ணு கேக்கணும். பேச்சுல ர-வுக்கும் ற-வுக்கும் வித்தியாசம் இல்ல, பேசறபடி எழுதறவங்க எதையும் போடுவாங்க. அதனால தொர-வ தொறன்னும் வச்சுப் பாக்கணும், அப்படின்னா திறந்த கதவ தொறந்த கதவுன்னு சொல்ற தொற. அதுவும் இல்லன்னா தொரைங்கறது பட்டப்பேரா இருக்கலாம், துரைசாமிய தொரைன்னு கூப்புடறது நம்ம ஊர்ல சாதாரணம். தாத்தா தொரைக்குக் குடுத்தாரா, தொரை தாத்தாவுக்குக் குடுத்தாரா? "தொர குடுத்தது"ல வேற்றுமை உருபு இல்ல, தொரைக்குன்னு இருந்தா தெளிவா இருக்கும். நோட்டுல வரவு ஒரு பக்கம் செலவு ஒரு பக்கம்னு பிரிச்சு எழுதியிருக்காரா? மத்த பக்கத்துல ர, ற எப்படிப் போடறாருன்னும் பாருங்க. கறி, அறுப்பு, மறுநா, சோறு இந்த மாதிரி சந்தேகமில்லாத வார்த்தைல ற சரியா போட்டிருந்தா இங்கயும் ர-வ நம்பலாம்.

வாழப்பாடி மணி

பிரிச்சு எழுதலீங்க, எல்லாம் ஒரே வரிசையா இருக்கு. இப்போ புரட்டிப் பாத்தேன், சோறுன்னு ற போட்டிருக்காரு, ஆனா "கரி 1 ரூ"ன்னு ஒரு எடத்துல இருக்கு, அது ஆட்டுக்கறியா அடுப்புக் கரியான்னு தெரியல.

செவ்வாப்பேட்ட சரவணன்

ஹா ஹா அது எந்த மாசம்னு சொல்லு ப்ரோ. தீபாவளிக்கு முன்னாடின்னா கறி.

வாழப்பாடி மணி

ஆடி 18ன்னு போட்டிருக்கு.

ஏற்காடு லில்லி

ஆடிப் பெருக்கா! அப்போ கறிதான் 😄 ஆனா தொரைய அதுக்காக விட்டுக்குடுக்க மாட்டேன். மத்த வருசத்து தை மாசப் பக்கத்துலயும் தொர வருதான்னு பாருங்க தம்பி, வருசா வருசம் வந்தா பறிப்புக் கூலிதான்.

வாழப்பாடி மணி

62 தைல இருக்கு, 20 ரூபா. 63 தைப் பக்கத்த கரையான் தின்னுடுச்சுங்க. 64ல தொர இல்ல, "எஸ்டேட்டு 22"ன்னு இருக்கு. நாளைக்கு ரெண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்துப் போடறேன்.